பெயர் மாற்ற விண்ணப்பத்தின் நிலை கேட்டு நகராட்சிக்கு மனு

17.11.2025

அனுப்புநர்:
க. முருகேசன், த/பெ (லேட்) கந்தசாமி,
புதிய எண் 42 (பழைய எண் 17), மாரியம்மன் கோவில் தெரு,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: சொத்து வரிப் பெயர் மாற்றம் – வீட்டின் வரிவிதிப்பு எண் 10457 – நிலுவையிலுள்ள விண்ணப்பத்தின் நிலை கேட்டல் – தொடர்பாக.

பார்வை: எனது விண்ணப்பம், பதிவு எண் 318/2025, நாள் 04.08.2025.

ஐயா,

மேற்கண்ட முகவரியில் என் தந்தையார் பெயரில் இரண்டு வரிவிதிப்புகள் இருந்தன: வீட்டுக்கு 10457, தெருவைப் பார்த்த கடைக்கு (மாம்பழப் பருவத்தில் மட்டும் திறப்பது) 10458. 11.02.2025 அன்று அவர் காலமானார். வாரிசுகளான என் தாயாரும் தங்கையும் தங்கள் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரம் எண் 2147/2025 பதிவாகியுள்ளது. அதைக் கொண்டு இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்தேன்.

கடைக்குப் பெயர் மாறிவிட்டது. வீட்டுக்கு மட்டும் இன்றுவரை உத்தரவு வரவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் குறை அவற்றில் இருக்காது என்று கருதுகிறேன். 29.08.2025 அன்று இட ஆய்வும் முடிந்தது.

எனக்குப் படும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, கதவு எண். 1987-ஆம் ஆண்டு கிரயப் பத்திரத்தில் வீட்டுக்கு எண் 17 என்றிருக்கிறது. வரிப் புத்தகத்தில் 42. விடுதலைப் பத்திரத்தின் சொத்து விவரம் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டதால் அதிலும் 17 மட்டுமே வந்துவிட்டது. கடைக்குத் தனி எண் இருந்ததால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் மாறவில்லை. இரண்டு எண்களும் சேர்ந்து அச்சான பழைய வரி ரசீது ஒன்று கிடைத்தது, இணைத்திருக்கிறேன். இது போதாதென்றால் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டுமா என்று சொல்லுங்கள். அதற்குத் தாயாரும் தங்கையும் மீண்டும் சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும். தங்கை வெளியூரில் இருப்பதால் முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

இரண்டாவது, வரி பாக்கி. விண்ணப்பித்தபோது முதல் அரையாண்டு வரை கட்டியிருந்தேன். அக்டோபரில் இரண்டாம் அரையாண்டு தொடங்கியதும் கணினியில் பாக்கி என்று காட்டியிருக்கலாம். அதையும் 13.10.2025 அன்று கட்டிவிட்டேன்.

ஆகவே, கோப்பு இப்போது எந்தப் பிரிவில் உள்ளது, இன்னும் ஏதேனும் ஆவணம் தேவையா என்பதை எழுத்து மூலம், தேவையான அனைத்தையும் ஒரே கடிதத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். உத்தரவு பிறப்பிக்கும்போது 'கந்தசாமி வகையறா' என்றில்லாமல் 'க. முருகேசன்' என்றே பதிவு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதால் 'வகையறா' பொருந்தாது. பின்னர் குடிநீர் இணைப்பைப் பெயர் மாற்றும்போதும் அது தடையாகும்.

இப்படிக்கு,
க. முருகேசன்

இணைப்பு: விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு நகல், இரு எண்களும் உள்ள பழைய ரசீது, 13.10.2025 வரி ரசீது, விடுதலைப் பத்திர நகல்.