நோய்ப் பரவல் விசாரணை அறிக்கை: நாட்டுக்கோழிப் பண்ணை, தாண்டிக்குடி அருகே, கொடைக்கானல் வட்டம்

அறிக்கை நாள்: 25.01.2024
நோய்: ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்). ஆய்வகத்தில் உறுதியானது, பறவைக் காய்ச்சல் இல்லை.

காபித் தோட்டத்துக்குள் 3 கொட்டகைகள், மொத்தம் 1,010 கோழிகள்.

| கொட்டகை | வயது | மொத்தம் | நோயுற்றவை | இறந்தவை |
|---|---|---|---|---|
| 1 | 14 வாரம் | 420 | 187 | 131 |
| 2 | 7 வாரம் | 380 | 96 | 74 |
| 3 | 40 வாரம் | 210 | 11 | 2 |
| மொத்தம் | | 1,010 | 294 | 207 |

நோய் கண்டது 29.1%, நோயுற்றவற்றில் இறப்பு 70.4%.

நடந்தது

ஜனவரி 2: பொங்கல் விற்பனைக்காகச் சந்தையில் வாங்கிய 24 கோழிகளை, தனியே வைக்காமல் முதல் கொட்டகையின் மூலையில் விட்டிருக்கிறார்கள். 6ஆம் தேதி அவற்றில் 3 சோர்ந்தன, மறுநாள் 2 செத்தன. 9ஆம் தேதி ஒரே நாளில் 19 போன பிறகுதான் தகவல் வந்தது. 10ஆம் தேதி நேரில் போனேன்: பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாயைத் திறந்து மூச்சிரைப்பு, சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கி இருந்தது. 4 கோழிகளை அறுத்துப் பார்த்ததில் மூன்றின் சுரப்பு இரைப்பையில் ரத்தப் புள்ளிகள். 11ஆம் தேதி இரண்டாம் கொட்டகைக்குப் பரவியது. 12ஆம் தேதி உச்சம், 46 இறப்பு. கடைசி இறப்பு 22ஆம் தேதி.

காரணம்

நோயைக் கொண்டுவந்தவை சந்தைக் கோழிகள் என்பதே என் கருத்து. ஆனால் முதல் கொட்டகைக்கு நவம்பர் 29இல் ஆர்2பி தடுப்பூசி போட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறதே? அதே வரியின் ஓரத்தில் பென்சிலில், “பிளாஸ்க்கில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான்” என்றும் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்த மருந்து அது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து சூடேறினால் ஊசி போட்டும் போடாத கணக்குதான். இரண்டாம் கொட்டகைக் குஞ்சுகளுக்கு ஆர்2பி போட இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மூன்றாம் கொட்டகை தப்பியதற்குத் தடுப்பூசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதை உரிமையாளரின் தாயார் தனியாகப் பார்க்கிறார். வாசலில் வேறு செருப்பு மாற்றித்தான் உள்ளே போவார். மற்ற இரண்டுக்கும் ஒரே வேலையாள். அவர் வீட்டுக் கோழிகளும் 9 செத்தன.

கட்டுப்பாடு

10ஆம் தேதியே விற்பனையும் எருக் கொடுப்பதும் நிறுத்தப்பட்டன. இறந்தவை, ஓடையிலிருந்து விலகிய மேட்டில் 2 மீட்டர் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கப்பட்டன. அதற்கு முன்பே 8ஆம் தேதி 3 மூட்டை கோழி எரு பக்கத்து மலைவாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தது; தேடிப் பிடித்து அங்கேயே புதைத்தோம். ஒவ்வொரு வாசலிலும் கிருமிநாசினித் தொட்டி வைத்தாயிற்று, வேலையாட்களும் கொட்டகைக்கு ஒருவர் எனப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் கொட்டகைக்கும் சுற்றுவட்டார வீடுகளின் 312 கோழிகளுக்கும் லசோட்டா தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது; இம்முறை ஐஸ் பெட்டியை நானே ஜீப்பில் கொண்டுபோனேன்.

கடைசி இறப்பிலிருந்து 21 நாள், அதாவது பிப்ரவரி 12 வரை கண்காணிப்பு தொடரும். அதுவரை புதிய குஞ்சு இறக்கக் கூடாது. முதல் கொட்டகையின் கூளத்தை இன்னும் முழுதாக அள்ளவில்லை. 29ஆம் தேதி மறுபடி போய்ப் பார்ப்பேன்.

கால்நடை உதவி மருத்துவர்