மேனகா காந்தி எதிர் இந்திய ஒன்றியம் (1978): தீர்ப்புச் சுருக்கமும் வினாக்களும்

நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 25

சுருக்கம்: 1977 ஜூலையில் மனுதாரரின் பாஸ்போர்ட், 1967 பாஸ்போர்ட் சட்டம் 10(3)(இ) பிரிவின்கீழ் 'பொதுநலன்' கருதி முடக்கப்பட்டது. காரணம் கேட்டபோது அரசு தர மறுத்தது. 7 நீதிபதிகள் விசாரித்தனர். உறுப்பு 21 கூறும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும். 14, 19, 21 தனித்தனித் தீவுகள் அல்ல என்றது பெரும்பான்மை. நீதிபதி கைலாசம் மாறுபட்டார். மனுதாரரின் முறையீட்டைக் கேட்பதாக அட்டர்னி ஜெனரல் உறுதியளித்ததால் ஆணை ரத்தாகவில்லை.

1. வெளிநாட்டுப் பயணம் 'தனிமனிதச் சுதந்திரத்தில்' அடங்கும் என்பதற்கு சத்வந்த் சிங் சானி (1967) எப்படி உதவியது? (4)

2. கோபாலன் (1950) வழக்கை 6 நீதிபதிகள் விசாரித்தனர். கூப்பர் (1970) வழக்கை 11 பேர். கோபாலனின் எந்த அணுகுமுறையைக் கூப்பர் ஏற்கெனவே தகர்த்திருந்தது? 'மேனகாதான் கோபாலனை ரத்துசெய்தது' என எழுதினால் மதிப்பெண் குறையும். ஏன் என்பதையும் விளக்குக. (9)

3. முன்கூட்டி விசாரித்தால் பாஸ்போர்ட்டுடன் நபர் வெளியேறிவிடலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் எப்படிக் கையாண்டது? ஆணைக்குப் பிந்தைய விசாரணை எல்லா வழக்குக்கும் போதுமா? (6)

4. ஆணை ரத்தாகாத நிலையில், உறுப்பு 21 பற்றிய கூற்று தீர்ப்பின் அடிப்படைக் காரணமா, போகிறபோக்கில் சொன்ன கருத்தா? இரு பக்கமும் வாதிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க. முடிவு எதுவாயினும் மதிப்பெண் உண்டு. 'இரண்டும் சரி' என்பதற்கு இல்லை. (6)