ஏழாம் நம்பர் பூட்டு

அந்த ராத்திரி எல்லாமே ஒழுங்காகத்தான் செய்தோம். வேலைக்குப் பர்மிட் வாங்கினோம், கரண்டை நிறுத்திப் பூட்டு போட்டோம், டேக் மாட்டினோம். எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், கரண்ட் இல்லை. அப்படியும் மூன்றே கால் மணிக்கு ஏழாம் நம்பர் பெல்ட் ஓடியது.

ஈரச் சரக்கு வந்தால் கன்வேயரின் டெயில் புல்லியில், அதாவது பெல்ட் சுற்றித் திரும்பும் கடைசி உருளையில், அப்பிக்கொள்ளும். நாலைந்து மணி நேரத்தில் அது கல் மாதிரி இறுகிப் புல்லியின் உருண்டை வடிவம் கெட்டுவிடும். பெல்ட் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும். கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் லைனையே நிறுத்திவிட்டு வாக்கிடாக்கியில் என்னைக் கூப்பிட்டார். "ஏழு சாயுது. சீக்கிரம் சுத்தம் பண்ணிக் குடுங்க."

நான் மெக்கானிக்கல் ஃபிட்டர், பதினாலு வருஷமாக. என்னோடு அன்று இருந்தது தினேஷ் என்ற பயிற்சிப் பையன், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். எலக்ட்ரிக்கல் பக்கம் செல்வம். அவர் வேறு செக்‌ஷனிலிருந்து எங்கள் ஷிஃப்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். நிதானமான ஆள்.

மூன்று பேரும் பேனல் ரூமுக்குப் போனோம். வரிசையாகப் பதினெட்டு ஃபீடர், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கரண்ட் அனுப்பும் பெட்டிகள். ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு பெயர்ப்பலகை. 'கன்வேயர் 7' என்று இருந்த கைப்பிடியைச் செல்வம் கீழே இறக்கித் தன் பூட்டைப் போட்டார். பக்கத்து ஓட்டையில் என் பூட்டு. சாவி என் சட்டைப் பையில். அப்புறம் செல்வம் டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஃபீடரிலிருந்து வெளியே போகும் கேபிள் முனைகளில் வைத்தார். மூன்று ஃபேஸிலும் ஒன்றுமில்லை. "போலாம்ணே."

பேனல் ரூமிலிருந்து டெயில் எண்டுக்கு ஏறி இறங்கி நடந்தால் ஏழெட்டு நிமிஷம். அதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. அந்த நேரத்தில் மனுஷனுக்கு மூளை பாதிதான் வேலை செய்யும். ராத்திரி மூன்று மணிக்கு வரும் தூக்கம் கண்ணில் வருவதில்லை, கை காலில் வரும். போய்ச் சேர்ந்ததும் புல்லியை மூடியிருந்த வலையின் நான்கு போல்ட்டையும் கழற்றினேன். கம்பியை எடுத்து, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இறுகியிருந்த கட்டியில் குத்தி நிறுத்தினேன். நாலடி நீளம், கட்டை விரல் கனம். ஹெல்மெட் விளக்கு சரிந்து கண்ணுக்குள் அடித்தது. கம்பியை விட்டுவிட்டு விளக்கைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன்.

"அண்ணே, ஸ்டார்ட் அழுத்திப் பாக்கலையே?" என்றான் தினேஷ்.

கை வைப்பதற்கு முன்னால் பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் லோக்கல் பெட்டியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். வகுப்பில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்று விட்டுவிட்டேன். மறந்தேன் என்று சொன்னால் பொய். பூட்டு போட்டாச்சு, டெஸ்டர் வெச்சாச்சு, இதுக்கு மேல என்ன என்ற நினைப்பு.

"சரி அழுத்துடா. ஆட்களைத் தள்ளி நிக்கச் சொல்லணும்னு புத்தகத்துல இருக்கும், அதையும் சொல்லு," என்று எரிச்சலோடுதான் சொன்னேன். அவன் கிண்டல் புரியாமல், "தள்ளி நில்லுங்கண்ணே," என்றான். நானும் ஓர் அடி பின்னால் வந்தேன்.

செலக்டரை லோக்கலுக்குத் திருப்பிப் பச்சைப் பட்டனை அழுத்தினான்.

லோக்கலில் ஓட்டினால் எச்சரிக்கை ஹூட்டர் அடிக்காது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பெல்ட் நகர்ந்தது. கம்பி அங்கே இருந்தது, அடுத்த கணம் இல்லை. உள்ளே இழுபட்டு, ஃப்ரேமில் மோதி, தீப்பொறி பறக்க அந்தப் பக்கம் வந்து விழுந்தது. தினேஷ் சிவப்புப் பட்டனைக் குத்திவிட்டான். மொத்தம் மூன்று நாலு நொடிகூட இருக்காது.

கம்பியைப் போய் எடுத்தேன். கொண்டை ஊசி மாதிரி மடங்கியிருந்தது. மடங்கிய இடத்தைத் தொட்டால் இன்னும் சூடு. நான் குத்தும்போது வலது கையால் பிடித்திருந்த இடம் சரியாக அந்த மடிப்புதான். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். சாவி இருந்தது.

செல்வம் வந்து பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மூன்று பேரும் மறுபடி பேனல் ரூமுக்கு ஓடினோம். பூட்டு இரண்டும் போட்டபடியே இருந்தன. அவர் பக்கத்து ஃபீடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'கன்வேயர் 8' என்று எழுதியிருந்த கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கம் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: "இது 7. வெளிய தப்பு."

கைப்பிடி வெளியே. எழுத்து உள்ளே. கதவைத் திறக்காமல் பூட்டு போடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

சில மாதங்களுக்கு முன் பேனலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பெயர்ப்பலகைகளைக் கழற்றி, அடித்து முடித்துத் திருப்பி மாட்டினார்கள். அதில் ஏழும் எட்டும் இடம் மாறியிருக்கிறது. செல்வம் டெஸ்டர் வைத்ததும் சரிதான், வந்த விடையும் சரிதான். எட்டாம் நம்பர் செத்துப்போயிருந்தது.

ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்தார். மடங்கிய கம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். "யாருக்கும் அடிபடலைல்ல? விடுங்க. ரெண்டு பலகையையும் மாத்தி மாட்டச் சொல்லிடலாம். இதை எழுதினா செல்வத்தைக் கேப்பாங்க, உன்னைக் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க." அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. சொல்லப்போனால், அவர் வருவதற்கு முன்பே அந்தக் கம்பியைப் பழைய இரும்புக் குவியலில் எங்கே செருகலாம் என்று யோசித்துவிட்டேன்.

வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள் 211' என்று பலகை தொங்கியது. அடிபடாத சம்பவத்தை எழுதினால் அந்த எண் குறையாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் குறையும் என்றுதான் எல்லோரும் நடந்துகொள்வோம். அதற்கென்று ஒரு மஞ்சள் ஃபார்ம் உண்டு. மாசம் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும் என்ற கணக்குக்காக, 'படிக்கட்டில் எண்ணெய் சிந்தியிருந்தது' என்று நானே நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலு தடவையும் ஒரே படிக்கட்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தினேஷ் பேனலையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே, பெயின்ட் அடிக்கும்போது எந்தெந்தப் பலகையைக் கழட்டினாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

நான் போய் மஞ்சள் ஃபார்மை எடுத்தேன். இன்சார்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார். உட்கார்ந்து எழுதினேன்: "பெயர்ப்பலகை மாறியிருந்ததால் தவறான ஃபீடர் பூட்டப்பட்டது. சோதனை ஓட்டத்தில் பெல்ட் ஓடியது. காயமில்லை."

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த தினேஷ், "நாம முதல்ல அழுத்திப் பாக்காததை எழுதலையா?" என்றான். 'நாம' என்றான், பாவம்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். "ஸ்டார்ட் அழுத்திப் பார்க்காமலே நான் வலையைக் கழற்றிக் கம்பியை உள்ளே வைத்தேன். பயிற்சியாளர் கேட்டதால்தான் அழுத்திப் பார்த்தோம். கம்பி உள்ளே இழுபட்டு மடங்கியது. எட்டாம் ஃபீடர் கதவின் உள்ளே பென்சில் குறிப்பு இருக்கிறது, அழிக்க வேண்டாம். வேறு பலகைகளும் மாறியிருக்கின்றனவா என்று தெரியவில்லை." கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டேன்.

ஆறு மணிக்குப் பகல் இன்ஜினியர் வந்ததும் ஃபார்மையும் கம்பியையும் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதல் கேள்வி, நான் பயந்த கேள்வியே: "ஏன் அழுத்திப் பாக்கலை?" இருந்ததைச் சொன்னேன். இரண்டாவது கேள்வி என்னைப் பார்த்து இல்லை. பகல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எந்தெந்த கன்வேயர்ல வேலை இருக்கு?" என்றார்.

"பன்னெண்டுல பெல்ட் ஜாயின்ட், சார். பத்து மணிக்கு. நாலு பேர்."

எல்லாப் பர்மிட்டையும் நிறுத்தினார். ஒவ்வொரு ஃபீடராகப் போட்டு, எந்தப் பெல்ட் அசைகிறது என்று பெல்ட் பக்கத்திலேயே ஆள் நிறுத்திப் பார்த்தார்கள். ஷிஃப்ட் முடிந்தும் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை ஏழும் எட்டும் தவிர எல்லாம் சரி. பதினொன்றைப் போட்டபோது வாக்கிடாக்கியில் குரல் வந்தது: "பன்னெண்டு ஓடுது, சார்."

செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். பென்சிலில் எழுதியது பகல் எலக்ட்ரீஷியன்களில் ஒருவர். "நாலு மாசம் இருக்கும் சார். நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றார். உண்மையிலேயே சொல்லியிருக்கிறார். அப்போது செல்வம் வேறு செக்‌ஷனில் இருந்தார். ராத்திரி கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் தயங்கித் தயங்கி வந்தார். "ஏழைப் பூட்டுறோம்னு சொன்னீங்க. ஸ்க்ரீன்ல எட்டுதான் ரெடி இல்லைன்னு காட்டுச்சு. ஏழு ரெடியாவே இருந்துச்சு. போன மாசமும் ஒரு தடவை அப்படிக் காட்டுச்சு, சிக்னல் கோளாறுன்னு நினைச்சேன்."

இன்ஜினியர் திட்டவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் அதே மஞ்சள் ஃபார்மின் பின்பக்கம் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கினார். எனக்குத் தனியாக அரை மணி நேரம் பாடம் இருந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்பதரைக்குப் பேனலைப் படமெடுத்து முடித்தார்கள். "உங்க பூட்டை எடுத்துக்கலாம்," என்றார்கள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பூட்டு நான் போட்ட இடத்திலேயே, 'கன்வேயர் 7' என்ற பலகைக்கு நேர் கீழே தொங்கியது. சாவி ஓட்டைக்குள் நுழைய இரண்டு மூன்று தடவை ஆனது.

"நான் திறக்கட்டுமாண்ணே?" என்றான் தினேஷ்.

"என் பூட்டுடா. நான்தான் திறக்கணும்," என்றேன்.