ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓடப்போற ஜெபினுக்கு

மக்கா,

இந்தப் பொதியில நாலு ஊக்கு, ஒரு சின்ன டப்பா வாசலின், ரெண்டு சீப்பு மட்டிப்பழம் இருக்கு. எல்லாம் ஞாயிறு காலைக்கு. பழத்தை மட்டும் சனிக்கிழமையே வீட்டுப் பிள்ளைங்க தீர்த்துடாம பாத்துக்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறோம். ஓடி முடிச்சு வந்ததும் "எவ்வளவு நேரமாச்சு?"ன்னு எங்கள்ல ஒருத்தரும் கேக்கமாட்டோம். ஊர்ல கேப்பாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் கேப்பாரு, சாயாக்கடையில கேப்பாங்க. "இன்னும் கணக்குப் பாக்கல"ன்னு சொல்லிட்டு நடந்துடு. இது பந்தயம் இல்ல, ஃபன் ரன். முதல் 10 கிலோமீட்டருக்கு எந்த நேரம் வந்தாலும் உனக்கு அதுதான் சாதனை நேரம், அதை முறியடிக்க முன்னாடி ஒரு கணக்கே கிடையாது. இப்ப அதுக்கொரு இலக்கு வச்சா நீயா ஒரு தலைவலியை விலைக்கு வாங்குற மாதிரி.

சனிக்கிழமை ராத்திரி சோறும் குழம்பும் வழக்கம்போல சாப்பிடு, காரத்தை மட்டும் குறை. பயறு, கடலை, பொரிச்ச மீன் எல்லாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவை. நார்ச்சத்தும் எண்ணெயும் செரிக்க நேரம் எடுக்கும், ஓட்டத்துல குலுங்குற வயிறு அதைத் தாங்காது. கால் நகத்தை இன்னைக்கே வெட்டு. கடைசி நாள் ஒட்ட வெட்டினா ஷூவுக்குள்ள குத்தும். அமைப்பாளர் தர்ற டி-ஷர்ட்டைத்தான் போடணும்னா இன்னைக்கே ஒரு தடவை துவைச்சுப் போட்டுப் பாரு, புதுத் தையல் அக்குள்ல உரசும். ஷூ பழசே போதும். புதுசு வேண்டவே வேண்டாம், முதல் நாளே 10 கிலோமீட்டர் போட்டா குதிகால் பொத்துடும்.

காலையில 4 மணிக்கு ரெண்டு இட்லி, ஒரு பழம், அரை லிட்டர் தண்ணி. அதுக்கப்புறம் தாகம் எடுத்தா ஒரு வாய், அவ்வளவுதான். பிப் நம்பரை நெஞ்சுக்கு முன்னாடி நாலு மூலையிலயும் ஊக்கு போட்டுக் குத்து. ரெண்டு ஊக்கு மட்டும் போட்டா கடல்காத்துல படபடன்னு அடிச்சு உயிரை வாங்கும். பின்பக்கம் சிப் ஒட்டியிருந்தா மடக்காத. வாசலினை ரெண்டு தொடைக்கும் நடுவுல, அக்குள்ல, மார்க்காம்புல தாராளமாத் தடவு. இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, குளிக்கும்போதுதான் அழுவாங்க. உப்பு வேர்வை ஊறின துணி அரை மணி நேரத்துல தோலை உரிச்சிடும்.

5.15க்குள்ள கன்னியாகுமரி வந்துடு. பைக்லயே வா. தை மாசம் ஐயப்ப சாமிமாரும் பொங்கல் லீவுக் கூட்டமும் சூரிய உதயம் பாக்க வர்றவங்களும் சேர்ந்து நிப்பாங்க, கார் நிறுத்த இடம் தேடியே பாதித் தெம்பு போயிடும். வந்ததும் முதல் வேலை கழிப்பறை வரிசை. அது நீளமாத்தான் இருக்கும்.

6 மணிக்குக் கொடி அசைச்சதும் எல்லாரும் பறப்பாங்க. அங்கதான் நீ ஏமாறக் கூடாது. பாட்டு, மைக், கைதட்டல், எல்லாம் சேர்ந்து கால் தானா வேகம் எடுக்கும். அந்த வேகம் உன்னோடது இல்ல, கூட்டத்தோடது. முதல் ரெண்டு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கிட்டா மிச்ச எட்டும் கடனை அடைக்கிற கதைதான். அளவு ரொம்ப எளிசு, கேட்டியா: பக்கத்துல ஓடுறவங்ககிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியுதா? முடிஞ்சா வேகம் சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவை மூச்சு முட்டுனா குறை. பின்னாடி இருந்து தாண்டிப் போறவங்க போகட்டும், அதுல பாதிப் பேரை ஆறாவது கிலோமீட்டர்ல நடந்துட்டு இருக்கும்போது பாப்ப.

நீயும் நட. நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் வேக நடைன்னு முதல் கிலோமீட்டர்ல இருந்தே வச்சுக்க. களைச்சபிறகு நடக்கிறதுக்கும் களைக்கும் முன்னாடியே நடக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. முன்னாடியே நடந்தா கெண்டைக்கால் சதைக்கு அப்பப்போ ஓய்வு கிடைச்சு, கடைசி மூணு கிலோமீட்டருக்கும் அதுல தெம்பு மிச்சமிருக்கும். நடக்கும்போது மட்டும் ரோட்டோட இடது ஓரத்துக்கு ஒதுங்கு, கையைத் தூக்கிக் காட்டிட்டு ஒதுங்கினா பின்னாடி வர்றவன் இடிக்கமாட்டான்.

வட்டக்கோட்டை ரோட்டுல போகும்போது வாடைக்காத்து முகத்துல அடிச்சா மெதுவாத்தான் போக முடியும், அதுக்காக வருத்தப்படாத. திரும்பி வரும்போது காத்து முதுகுக்கு வந்துடும். லேசா இருக்கும்னு நினைப்ப. ஆனா நீ ஓடுற வேகமும் காத்தோட வேகமும் ஏறக்குறைய ஒண்ணாயிடுச்சுன்னா உடம்பு மேல காத்தே படாது, வேர்வை காயாது, வெயிலும் ஏறியிருக்கும். ஏழாவது, எட்டாவது கிலோமீட்டர்ல கால் கனக்குறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். தண்ணி வச்சிருக்கிற இடத்துல ரெண்டு வாய் குடி, மிச்சத்தைத் தலையிலயும் பிடரியிலயும் ஊத்து. மேசைக்கு மேசை ஒரு டம்ளர் குடிச்சா வயிறு தளும்பும்.

விலாப்பக்கம் குத்தினா நடையாக்கி, அந்த இடத்தை விரலால அழுத்திக்கிட்டு, வாயால நீளமா மூச்சை விடு, ரெண்டு நிமிஷத்துல போயிடும். கெண்டைக்கால் பிடிச்சா நின்னு, பாதத்தோட முன்பக்கத்தை உன் பக்கமா இழுத்துப் பிடி. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுட்டு ஓடாத, வேர்வையில நீர் வத்தின நேரத்துல அது கிட்னிக்குப் பாரம்.

நெஞ்சு வலி, தலைசுத்தல், வெயில்ல நிக்கும்போதே குளிர்ற மாதிரி புல்லரிப்பு. இதுல ஒண்ணு வந்தாலும் உடனே நின்னு பக்கத்துல இருக்கிற வாலண்டியர்கிட்ட சொல்லு, ஆம்புலன்ஸ் அதுக்குத்தான். நாலாவது கிலோமீட்டர்ல நின்னாலும் எங்களுக்கு நீ ஜெபின்தான். அடுத்த வருஷமும் அந்த ரோடு அங்கயேதான் இருக்கும்.

நடுவுல சூரியன் கடல்ல இருந்து மேல வந்தா நின்னு ஒரு போட்டோ எடு. ஒரு நிமிஷம்தானே, போகட்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டினதும் தொப்புன்னு உக்காந்துடாத, கால்ல இறங்கின ரத்தம் மேல ஏறாம மயக்கம் வரும். பத்து நிமிஷம் மெதுவா நட, ஈர பனியனை மாத்து. கடல்ல இறங்கலாம்னு எவனாவது கூப்பிட்டா போகாத. கால் தள்ளாடுற நேரத்துல அந்தப் பாறையும் அலையும் சரிப்படாது. திங்களை விட செவ்வாய்தான் தொடை அதிகம் வலிக்கும், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்க. அது காயம் இல்ல, நடந்தா குறையும்.

முடியுற இடத்துல இடதுபக்கம், மஞ்சக் குடைக்குக் கீழ நிப்போம். பிளாஸ்க்ல கருப்பட்டிக் காப்பி இருக்கும். நீ கடைசி ஆளா வந்தாலும் குடை அங்கதான் நிக்கும், காப்பிதான் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சந்தோஷமா ஓடிட்டு வா மக்கா.

அன்புடன்,
ஸ்டேடியம் காலைக் கூட்டாளிகள், நாகர்கோவில்