தேடுபொறி உகப்பாக்கமும் கட்டணத் தேடல் விளம்பரமும்: ஈபே சோதனையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பாடம்: டிஜிட்டல் மார்க்கெட்டிங், பி.பி.ஏ. ஐந்தாம் பருவம்

காசு கட்டாத இயல்பான தேடல் முடிவுகளில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலையான தேடுபொறி உகப்பாக்கம், அதாவது எஸ்.இ.ஓ., இலவசம் ஆனால் மெதுவானது. கட்டண விளம்பரம் வேகமானது ஆனால் செலவு பிடிப்பது. இந்த இரண்டையும் ஒப்பிடும் போது வழக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வணிகர் எதில் பணம் போடுவது என்று முடிவெடுக்க இது போதாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்தவர், விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா? அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே இரண்டில் எது லாபம் என்பது மாறும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது ஆன்லைன் விற்பனைத் தளமான ஈபே. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் தன் சொந்தப் பெயருக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை அது நிறுத்தியது. யாராவது `ebay` என்று தட்டினால் மேலே வரும் விளம்பரம் இருக்காது. கீழே உள்ள இயல்பான முடிவு மட்டும் இருக்கும். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் அப்படியே அந்த இயல்பான முடிவுக்கு இடம் மாறின. கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களிடமே வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்து, ஒவ்வொரு நோட்டீஸுக்கும் காசு கட்டிய கதைதான்.

சரி, சொந்தப் பெயரை விடுவோம். கிட்டார், ஷூ, கேமரா மாதிரிப் பொதுவான சொற்களுக்குக் கொடுக்கும் விளம்பரமாவது பலன் தருமா? அமெரிக்காவின் சில பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கூகுளில் அந்த விளம்பரங்களையும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒட்டுமொத்த விற்பனை பெரிதாக அசையவில்லை. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் கணக்குப்படி, குறுகிய காலத்தில் போட்ட பணத்தில் 63 சதவீதம் நஷ்டம். வழக்கமான புள்ளியியல் முறையில் அதே தரவைப் பார்த்தபோது பல மடங்கு லாபம் போலத் தெரிந்ததுதான் இதில் வேடிக்கை. வாங்கும் எண்ணத்தோடு தேடுபவர்தான் விளம்பரத்தையும் கிளிக் செய்கிறார். அறிக்கை அந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

ஆனால் 'விளம்பரம் வீண்' என்பதோடு அந்த ஆய்வு நின்றுவிடவில்லை. ஈபேயை அறியாத புதியவர்கள், எப்போதாவது வாங்குபவர்கள் ஆகியோரிடம் விளம்பரம் வேலை செய்தது. அடிக்கடி வாங்குபவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. செலவில் பெரும்பங்கு அவர்களுடைய கிளிக்குகளுக்கே போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் யாருக்கும் தெரியாத சின்னக் கடைக்கு இந்த முடிவு தலைகீழாகப் பொருந்தும். அந்தக் கடையைப் பொறுத்தவரை எல்லோருமே புதியவர்கள்.

அந்தக் கடைக்கு விளம்பரம் என்ன விலையில் கிடைக்கும் என்று அறிய, தேடல் விளம்பர இடங்களுக்கான ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1998இல் கோட்டூ.காம் என்ற தேடுபொறி கட்டண இடங்களை ஏலம் விட்டபோது அதிகம் கொடுத்தவர் மேலே வந்தார், அவ்வளவுதான். கூகுள் 2002இல் கிளிக்குக்குக் கட்டணம் என்ற ஏல முறைக்கு வந்தபோது, விளம்பரம் கிளிக் பெறும் விகிதத்தையும் சேர்த்துக்கொண்டது. எளிமையாக்கினால் கணக்கு இப்படி வரும்:

```
தரவரிசை மதிப்பு = ஏலத்தொகை × தரம்
கடை அ: ₹20 × 4 = 80
கடை ஆ: ₹12 × 8 = 96
கடை ஆ கட்டுவது: 80 ÷ 8 = ₹10
```

குறைவாகக் கேட்ட கடை ஆ மேலே நிற்கிறது. கடை அ-வின் 80ஐத் தாண்டப் போதுமான தொகையைக் கட்டினால் போதும் என்பதால், ₹12 கேட்டும் ஏறத்தாழ ₹10தான் கட்டுகிறது. உண்மைக் கணக்கில் இன்னும் பல அம்சங்கள் சேரும் என்றாலும் அடிப்படை இதுதான். அந்தத் தரத்தில் ஒரு பங்கு, கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கத்தைப் பொறுத்தது: தேடியதற்கான பதில் அங்கே இருக்கிறதா, மொபைலில் ஒழுங்காகத் திறக்கிறதா. எஸ்.இ.ஓ. செய்பவர் சரிசெய்வதும் இதையேதான். ஆக இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே ஓரளவுக்குத் தவறு. பக்கத்தைச் சரியாக எழுதினால் விளம்பரச் செலவும் குறையும்.

கரூரில் பருத்திப் பெட்ஷீட் தயாரித்து நேரடியாக விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிளிக் ₹10; நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குகிறார்கள். ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு ₹500. ஒரு பெட்ஷீட்டில் மிஞ்சுவது ₹250 என்றால், விற்க விற்க நஷ்டம். அதே ₹500 செலவில் ஹாஸ்டலுக்கு நாற்பது பெட்ஷீட் வாங்கும் ஒருவர் கிடைத்தால், தள்ளுபடி போகவும் நல்ல லாபம். எனவே இந்தக் கடை 'பெட்ஷீட்' என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களோடு ஏலத்தில் மல்லுக்கட்டக் கூடாது. 'ஹாஸ்டல் பெட்ஷீட் மொத்த விலை' மாதிரித் தேடல்களுக்கு மட்டும் பணம் போட வேண்டும். வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்குபவர்களை எஸ்.இ.ஓ. வழியாகத்தான் பிடிக்க வேண்டும்: டபுள் கட்டிலுக்கு என்ன அளவு, சாயம் போகுமா, முதல் தடவை எப்படித் துவைப்பது என்று அவர்கள் தேடும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஆனால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு கிளிக்குக்கும் தனியாகக் காசு இல்லை.

எஸ்.இ.ஓ. இலவசம் என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது. எழுதுபவருக்குச் சம்பளம், போட்டோ, வெப்சைட் பராமரிப்பு எல்லாம் செலவுதான். அதைவிட, பிடி நம் கையில் இல்லை. அமெரிக்கச் சில்லறை நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு எக்கச்சக்கமான செயற்கை பேக்லிங்குகள், அதாவது தரவரிசையை உயர்த்தவென்றே வேறு தளங்களில் வைத்த இணைப்புகள், இருப்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. முதலிடத்தில் இருந்த பல தேடல்களில் அந்நிறுவனத்தைக் கூகுள் ஓரிரு நாளில் பல பக்கங்கள் பின்னே தள்ளியது. விதியை மீறாதவரும்கூட அல்காரிதம் மாறும்போது அடி வாங்குவது உண்டு. விளம்பரத்தில் அந்தப் பயம் குறைவு. ஆனால் பணம் நின்ற நிமிடமே இடமும் போய்விடும்.

சொந்தப் பெயருக்கு விளம்பரம் தேவையில்லை என்ற ஈபே பாடத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. போட்டியாளர் நம் பெயரையே கீவேர்டாக ஏலம் எடுத்தால் என்ன செய்வது? பதிவு பெற்ற வணிகக் குறியை இப்படிக் கீவேர்டாகப் பயன்படுத்துவது மட்டுமே மீறலாகாது, வாங்குபவரைக் குழப்பினால்தான் பிரச்சினை என்ற நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் எடுத்தது. எனவே போட்டியாளர் நுழைந்தால் சொந்தப் பெயருக்கும் சிறு தொகை ஒதுக்கத்தான் வேண்டும். யாரும் நுழையாதவரை அது வீண் செலவு.

கரூர்க் கடையும் ஈபே மாதிரிச் சோதித்துப் பார்க்கலாம். கூகுள் விளம்பரக் கணக்கில் இடத்தை விலக்கும் வசதி இருக்கிறது. கோவையையும் மதுரையையும் விலக்கிவிட்டு, திருச்சியிலும் சேலத்திலும் விளம்பரத்தைத் தொடரலாம். பிறகு, விளம்பர அறிக்கையை நம்பாமல், பில் புத்தகத்தில் உள்ள ஆர்டர்களை ஊர்வாரியாகப் பிரித்து முந்தைய மாதங்களோடு ஒப்பிடலாம். சிக்கல், எண்ணிக்கை சிறியது என்பதுதான். நாளைக்கு ஐந்தாறு ஆர்டர் வரும் கடையில் ஒரு ஹாஸ்டல் ஆர்டர் வந்தாலே கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். அதனால் அந்த மாதிரிப் பெரிய ஆர்டர்களைத் தனியே எடுத்துவைத்து, சோதனையைக் குறைந்தது இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீபாவளியை ஒட்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.