துணை உயில் சாசனம்

2025-ம் வருடம் செப்டம்பர் மாதம் 8-ந் தேதி, வேலூர் மாவட்டம், காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் காலஞ்சென்ற தேவராஜன் குமாரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், 76 வயதுள்ள முனிரத்தினம் ஆகிய நான் முழு மனதோடு, என் கைப்பட எழுதி வைக்கும் துணை உயில் சாசனம் என்னவென்றால்:

நான் 12.06.2019-ல் ஒரு உயில் எழுதி, காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ம் புத்தகம் 57/2019 எண்ணாகப் பதிவு செய்திருக்கிறேன். அந்த உயிலை நான் ரத்து செய்யவில்லை. அதன் 4-வது பத்தியை மட்டும் இதன் மூலம் மாற்றுகிறேன். வேறு ஒரு வரியையும் தொடவில்லை.

4-வது பத்தியில், ஒடுகத்தூர் கிராமத்து 72 சென்ட் நிலத்தை என் இளைய மகன் கார்த்திகேயனுக்கு எழுதியிருந்தேன். அந்த ஏற்பாடு இனி செல்லாது. என் ஆயுளுக்குப் பிறகு அந்த நிலம் முழுவதும் என் மகள் வசந்திக்கே சேர வேண்டும். எனக்கு முன் அவள் காலமாகிவிட்டால் அவள் மகன் நவீனுக்குச் சேர வேண்டும். நான் உயிரோடு இருக்கும்வரை நிலம் என் அனுபவத்திலேயே இருக்கும். இதை மாற்றவும் எனக்கு உரிமை உண்டு.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் ஊகித்துப் பேசக் கூடாது. 2021-ல் கார்த்திகேயன் பெங்களூரில் வீடு வாங்கியபோது என் வங்கிக் கணக்கிலிருந்து 9 லட்சம் ரூபாய் அனுப்பினேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். 2023-ல் வசந்தியின் கணவர் தவறிப்போனார். பையனோடு அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தையல் வேலையில் வரும் வருமானம் தவிர அவளுக்கென்று எதுவும் இல்லை. கார்த்திகேயன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 3-வது பத்திப்படி காட்பாடி வீட்டின் மாடி அவனுக்குத்தான். மூத்தவன் பாலாஜிக்கு எழுதியதிலும் மாற்றம் இல்லை. பிள்ளைகள் மூவரும் எனக்கு ஒன்றுதான்.

இந்த நிலம் பூர்வீகச் சொத்து அல்ல. என் சம்பளச் சேமிப்பிலும், மனைவி சரோஜாவின் நகையை அடகு வைத்து வாங்கிய கடனிலும், 1994-ல் என் பெயரில் கிரயம் பெற்றது. கடனையும் நானே அடைத்தேன். கிரயப் பத்திரத்தில் மாவட்டம் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று இருக்கும். அப்போது அதுதான் பெயர். வட்டத்தின் பெயரும் அப்புறம் மாறியது. இப்போது அது வேலூர் மாவட்டம், அணைக்கட்டு வட்டம். பெயர்தான் வேறு, நிலம் ஒன்றே.

சொத்து விவரம்: சர்வே எண் 118/2பி, பட்டாவில் 0.29.0 ஹெக்டேர். வடக்கில் வண்டிப்பாதை, தெற்கில் ஓடை, கிழக்கில் குப்புசாமி நிலம், மேற்கில் எல்லம்மாள் நிலம். இதற்குள் அடங்கிய 11 மாமரம், 6 தென்னை, ஆழ்துளைக் கிணறு, 5 குதிரைத்திறன் மோட்டார், அதன் மின் இணைப்பு எல்லாம் சேர்ந்தது.

மூல உயிலும் இந்தத் துணை உயிலும் ஒரே உயிலாகச் சேர்த்துப் படிக்கப்பட வேண்டும். நிலத்தைப் பொறுத்து இரண்டும் முரண்பட்டால் இதுவே செல்லும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு முன்போலவே என் தம்பி ஜெயபாலனுக்கு.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது. இன்று காலை மருத்துவர் என்னைப் பரிசோதித்து, சுயநினைவோடு இருக்கிறேன் என்று தந்த சான்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இதை எழுதும்போது வசந்தியோ மகன்களோ உடன் இல்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை, வற்புறுத்தவில்லை.

இதில் 3 பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்திட்டிருக்கிறேன். 2-ம் பக்கத்தில் "தெற்கில் வாய்க்கால்" என்று எழுதியதை அடித்து "ஓடை" என்று திருத்தினேன். அந்த இடத்தில் நானும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்கிறோம். வேறு அடித்தல், திருத்தல் இல்லை. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், இதையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குத் தாக்கல் செய்கிறேன்.

(ஒப்பம்) தே. முனிரத்தினம்
இடது கைப் பெருவிரல் ரேகை

சாட்சிகள்:

மேற்படி முனிரத்தினம் இந்தச் சாசனத்தைத் தானே வாசித்துக் காட்டி, எங்கள் இருவர் முன்னிலையிலும் கையெழுத்திட்டார். அதை நேரில் பார்த்து, அவர் முன்னிலையிலேயே நாங்களும் கையெழுத்திட்டோம். இந்தச் சொத்தில் எங்களுக்கோ எங்கள் குடும்பத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை.

1. (ஒப்பம்) ம. இளங்கோவன், வயது 48, த/பெ மணி, மருத்துவர், காட்பாடி. இன்று இவரைப் பரிசோதித்துச் சான்று தந்தவன் நானே.

2. (ஒப்பம்) ச. ரவிக்குமார், வயது 55, த/பெ சண்முகம், கூட்டுறவுச் சங்க ஊழியர், காந்தி நகர், காட்பாடி.