கஸ்சத்

காலை ஏழரை மணிக்கு மல்லிகா 'மருந்து' என்று தட்டினாள். திரையில் 'கஸ்சத்' என்று விழுந்தது.

மறுபடி தட்டினாள். அதே கஸ்சத். இரவில் லேப்டாப் தானாக அப்டேட் ஆகி, அவளுடைய தமிழ்99 மென்பொருளை முடக்கிவிட்டிருந்தது. அந்த இடத்தில் இன்ஸ்கிரிப்ட் என்ற வேறு கீபோர்டு அமைப்பு வந்து உட்கார்ந்திருந்தது. உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று பழகிய விரல்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தவும் லவும் மட்டும்தான் பழைய இடத்தில் இருந்தன.

பதினோரு மணிக்கு மருத்துவமனையில் நெறிமுறைக் குழு கூடுகிறது. சர்க்கரை நோய் மருந்துச் சோதனைக்குச் சேர்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அதற்குள் தமிழில் போயாக வேண்டும். மூன்று பக்கம் பாக்கி. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த தமிழை நோட்டில் எழுதி வைத்திருந்தாள், அடிக்கத்தான் வேண்டும்.

லேப்டாப் நிறுவனத்துடையது. கீபோர்டு சேர்க்கும் பக்கத்துக்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. வெளித் தளம் எதுவும் திறக்காது. உதவி எண்ணில் பத்து மணிக்குத்தான் ஆள் வருவார்கள். திரைக் கீபோர்டைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தியதில், கால் மணி நேரத்தில் நான்கு வரிதான் நகர்ந்தது.

பால் பாக்கெட் எடுக்க வந்த எதிர்வீட்டு சுஜா சேச்சி வாசலில் நின்று கேட்டாள். "என்ன மல்லிகா, முகம் வாடியிருக்கு?"

விஷயத்தைச் சொன்னதும் சேச்சி உள்ளே வந்து திரைக் கீபோர்டை உற்றுப் பார்த்தாள். கோயம்புத்தூர் வருமுன் ஒற்றப்பாலத்தில் டி.டி.பி. சென்டர் நடத்தியவள்.

"இது நம்ம இன்ஸ்கிரிப்ட் அல்லே? மலையாளத்துல 'க' எங்கே இருக்கோ, தமிழ்லயும் அங்கேதான். நீ வாசி, நான் அடிக்கறேன்."

1986இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த அமைப்பு அது. ஒரு மொழியில் ஒரு விசையில் எந்த ஒலியோ, மற்ற மொழியிலும் அந்த விசையில் அதே ஒலி. இதை மல்லிகா எப்போதோ படித்ததோடு சரி.

சேச்சிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காதில் விழுந்ததை விரல் அடித்தது. ழ, ள, ற மூன்றும் தடங்கலே இல்லாமல் வந்தன. முதல் சிக்கல் 'மருந்து'. கடைசி எழுத்தின் மெல்லிய ஒலிக்கு மலையாளத்தில் தனி எழுத்து உண்டு; அவள் காது அதை அந்த 'ദു' என்றே கேட்டது. விரல் அந்த விசைக்குப் போனது. அங்கே தமிழில் எழுத்தே இல்லை.

"தங்கம்ல வர்ற 'த'வே போடுங்க சேச்சி. எங்களுக்கு எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான்."

"ஓ, சரி."

அடுத்தது ந, ன. மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழில் ஷிப்ட் பிடித்தால் ன. மல்லிகா ஒரு வழி கண்டாள்: ன வரும் இடத்தில் மேசையில் ஒரு தட்டு. பத்து நிமிஷத்தில் இருவருக்கும் அது கைவந்துவிட்டது. வாசிப்பு, தட்டு, வாசிப்பு. ஒன்பதரைக்குள் ஒன்றரைப் பக்கம் முடிந்தது. பத்து மணிக்கு உதவி எண்ணை மல்லிகா அழைக்கவே இல்லை.

"நீங்கள் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது."

சேச்சியின் கை நின்றது. "சும்மா சொல்றதா, இல்ல நிஜமாவா?"

"நிஜம்தான். இது இல்லாம படிவமே செல்லாது."

"அப்ப மேலே பஸ் காசு தருவோம்னு வந்துச்சே. நடுவுல விலகினா வாங்கின காசைத் திருப்பித் தரணுமா?"

மல்லிகா ஆங்கில மூலத்தைப் புரட்டினாள். வந்துபோன ஒவ்வொரு முறைக்கும் பயணச் செலவு என்று இருந்தது. விலகுபவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காசைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்தே ஒருவர் விலகாமல் இருந்துவிடலாம். அவளாக ஒரு வரி சேர்க்கவும் முடியாது. மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் எழுதக் கூடாது.

பத்தே முக்காலுக்குப் படிவம் போனது. கூடவே ஒரு குறிப்பும்: "விலகுபவர் பெற்ற பயணப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று மூலத்தில் இல்லை. படிப்பவருக்கு இந்தக் கேள்வி வரும். குழுவின் முன் வைக்கவும்." அதையும் சேச்சிதான் அடித்தாள்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. திருப்பித் தர வேண்டியதில்லை என்று இரு மொழியிலும் சேர்க்கக் குழு சொல்லியிருந்தது.

மல்லிகா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "சேச்சி, இன்னும் ஒரு வரி இருக்கு."

"குக்கர் விசில் வரட்டும். வந்துட்டேன்."